‘எனக்கு மூச்சே வரல சிஸ்டர்’

மனநல வார்டுக்குப் பயிற்சிக்குப் போகும் நர்சிங் மாணவிகள் எழுதித் தரவேண்டியவற்றில் ‘ப்ராசஸ் ரெக்கார்டிங்’ ஒன்று. நோயாளி சொன்னது, அப்போது அவர் உடலில் தெரிந்தது, மாணவியின் பதில், அது எந்த உத்தி, அதனால் என்ன ஆனது என்று கட்டம் போட்டு எழுதுவார்கள். கடும் பதற்றத்தில் இருப்பவரோடு பேசியதை எழுதும்போது பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். உத்தியின் பெயர் சரியாக இருக்கும். அதைப் பயன்படுத்திய நேரம் தவறாக இருக்கும்.

30 வயதுப் பெண் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூச்சு நிமிடத்துக்கு 32 முறை. விரல்நுனி மரத்திருக்கிறது. டாக்டர் பார்த்து, ஈசிஜி எடுத்து, இதயக் கோளாறு இல்லை என்று சொல்லியாகிவிட்டது. ரெக்கார்டில் முதலில் வரவேண்டியது இந்தத் தகவல்தான். நெஞ்சுவலியைச் சோதிக்காமல் பதற்றம் என்று எழுதுவது ஆபத்து.

“எனக்கு மூச்சே வரல சிஸ்டர், செத்துடுவேன் போல இருக்கு.”

“அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அக்காவின் குரல் இன்னும் உயர்கிறது. உடனே மாணவி, பாடத்தில் படித்தபடி, “உங்க மனசுல என்ன ஓடுதுன்னு விரிவா சொல்லுங்க” என்கிறாள். திறந்தநிலைக் கேள்வி நல்ல உத்திதான். ஆனால் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்கு நிலைகளாகப் பிரித்தார். மேல்நிலைகளுக்குப் போகப் போக, மனம் கவனிக்கக்கூடிய வட்டம் சுருங்கிவிடும். நீளமான கேள்வி அப்போது உள்ளே போவதே இல்லை.

அந்த நிமிடத்துக்குத் தேவை குட்டி வாக்கியங்கள். “நான் உங்க கூடவேதான் இருக்கேன்க்கா.” சற்று நிறுத்தி, “என்னைப் பாருங்க. மெதுவா மூச்சை வெளிய விடுங்க.” மாணவியும் தாழ்ந்த குரலில், கூடவே நிதானமாக மூச்சு விடவேண்டும். ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி வேண்டாம். குற்றம் சாட்டுவதுபோல் கேட்கும்.

பலன் கட்டத்தில் ‘நோயாளி அமைதியானார்’ என்று மட்டும் எழுதுவது போதாது. மூச்சு 20-க்கு இறங்கியது, கை நெஞ்சிலிருந்து மடிக்கு வந்தது, முதன்முறையாக மாணவியின் முகத்தைப் பார்த்தார் என்று எழுதினால்தான் அது சான்று. குறிப்பை நோயாளி முன்னால் எடுக்காமல், வெளியே வந்த கையோடு நினைவிலிருந்து எழுதுவது நல்லது. தாமதித்தால் நம் வாக்கியங்கள் தானாகவே அழகாகிவிடும். பெயரும் அடையாளமும் கூடாது.

‘ஒண்ணும் ஆகாதுக்கா’ என்ற வரியை அடிக்காமல் அப்படியே விடவேண்டும். உத்தி என்ற கட்டத்தில் ‘பொய்யான உறுதி’ என்று குறித்து, மாற்றாக என்ன சொல்லியிருக்கலாம் என்பதைப் பக்கத்தில் எழுதவேண்டும். மதிப்பிடும் ஆசிரியர் தேடுவது இதைத்தான்.

திறந்தநிலைக் கேள்விக்கும் நேரம் வரும். மூச்சு அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு: “இது வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சுக்கா?” அவர் பேசாமலே இருந்தால், எவ்வளவு நேரம் மௌனமாக இருந்தார் என்பதும் ரெக்கார்டில் ஒரு வரி.