மாணவர் செயற்றிட்டத்துக்கு ஜிபியு: இலவசமா, வளாகமா, வாடகையா?

நெல் இலை நோய்களைப் படத்திலிருந்து அடையாளம் காணும் கணினி மாதிரியொன்றை, இறுதியாண்டு மாணவி ஒருவர் பயிற்றுவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு இலவச கூகுள் கொலாப்பில் ஓடவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் பார்த்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. செய்த வேலை எதுவும் மிஞ்சவில்லை.

கொலாப்பின் இலவச அமர்வு அதிகபட்சம் 12 மணிநேரம் நீடிக்கலாம். ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை. உலாவியைக் கவனிக்காமல் விட்டாலோ, நெரிசல் அதிகரித்தாலோ முன்னதாகவே முடிந்துவிடும். அத்துடன் அந்த அமர்வில் இருந்த கோப்புகளும் அழிந்துவிடும்.

ஆகவே முதலில் ஒரேயொரு பயிற்சிச் சுற்றை மட்டும் ஓட்டி நேரத்தை அளந்துகொள்ள வேண்டும். நமது மாணவிக்கு டி4 ரக ஜிபியுவில் ஒரு சுற்றுக்கு 40 நிமிடங்கள் பிடிக்கின்றன. 30 சுற்றுகள் தேவை. மொத்தம் 20 மணிநேரம். எந்த இலவச அமர்விலும் இது ஒரே தடவையில் முடியாது.

எனவே ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிலையைச் சேமிக்க வேண்டும். மாதிரியை மட்டும் சேமித்தால் போதாது. ஒப்டிமைசரின் நிலையும் சுற்று எண்ணும் வேண்டும். இல்லையேல் விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர முடியாது.

```
torch.save({"epoch": epoch,
            "model": model.state_dict(),
            "optim": optimizer.state_dict()}, path)
```

கொலாப்பில் `path` கூகுள் டிரைவைச் சுட்ட வேண்டும்.

காகிள் தளத்தில் தொலைபேசி இலக்கத்தை உறுதிப்படுத்தினால் வாரத்துக்குச் சுமார் 30 மணிநேர ஜிபியு இலவசம். அங்கும் ஓர் அமர்வின் எல்லை 12 மணிநேரம். ஆனால் `Save & Run All` கொடுத்தால் உலாவியை மூடினாலும் வேலை ஓடும். முதல் தடவை 16 சுற்றுகளில், அதாவது 10 மணி 40 நிமிடத்தில், தானாக நிற்கும்படி எழுதி, மீதி 14 சுற்றுகளை அடுத்த தடவை ஓட்டலாம். வாரக் கணக்கில் மிஞ்சுவது 10 மணிநேரம்தான். பிழையொன்றால் முழுப் பயிற்சியையும் மீண்டும் ஓட்டுவதென்றால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும்.

வளாக ஜிபியுவில் பிரச்சினை வரிசை. சமர்ப்பிப்பு நெருங்கும்போது எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் தேவைப்படும். ஸ்லர்ம் போன்ற வரிசை மென்பொருள் இருந்தால், `--time` இல் கேட்ட நேரம் முடிந்ததும் வேலை நிறுத்தப்படும். தேவைக்கு மிக அதிகமாகக் கேட்டால் காத்திருப்பு நீளலாம். தரவை வெளியே அனுப்பக்கூடாத செயற்றிட்டங்களுக்கு, உதாரணமாக நோயாளிகளின் படங்களுக்கு, இதுவே பொருத்தம்.

வாடகை ஜிபியுவில் வேலை ஓடாவிட்டாலும் கட்டணம் ஓடும். மணிக்கு ஒரு டொலர் என்றும், டி4ஐவிட மூன்று மடங்கு வேகம் என்றும் கொண்டால் மாணவியின் பயிற்சி ஏறத்தாழ 7 டொலரில் முடியும். முடிந்தபின் மூன்று நாள் அணைக்க மறந்தால் மேலும் 72 டொலர். இயந்திரத்தை நிறுத்தினாலும் வட்டுக்குக் கட்டணம் தொடரலாம். கோப்புகளை இறக்கிக்கொண்டு அதை முற்றாக நீக்கிவிட வேண்டும்.

இந்த மாணவிக்குக் காகிள் போதும். ஒரு சுற்றுக்கே பல மணிநேரம் பிடித்தாலோ, மாதிரி 16 ஜிபி நினைவகத்தில் அடங்காவிட்டாலோ வளாகத்தை நாடலாம். சமர்ப்பிப்புக்கு முன் அங்கு இடம் கிடைக்காதென்றால் மட்டுமே வாடகை.