எல்லோரும் போட்டுக்கொள்ளும் 9,9

மணி மூன்று. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகை சோதிக்கும் ஒரு லைனைக் கற்பனை செய்துகொள்வோம். ஷிப்ட் முடிய நான்கு மணி நேரம் இருக்கிறது. இன்றைய கணக்கில் 400 பலகை பாக்கி. ஓர் ஆப்ரேட்டர் லைன் லீடரிடம் வருகிறார்: "அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல். வீட்டுக்குப் போகணும்."

லீடர் என்ன சொல்வார்? ராபர்ட் பிளேக், ஜேன் மௌட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1964இல் வெளியிட்ட நூல் இத்தகைய பதில்களை ஒரு கட்டத்தில் வைத்துப் பார்த்தது. கிடைக்கோடு வேலையின் மீதான அக்கறை, செங்குத்துக்கோடு ஆட்களின் மீதான அக்கறை. இரண்டுக்கும் 1 முதல் 9 வரை அளவு. மொத்தம் 81 கட்டங்கள். முதல் எண் வேலைக்கு, அடுத்தது ஆளுக்கு.

"400 முடிச்சிட்டுப் போ" என்பது 9,1. "போம்மா, கணக்கை நாளைக்குப் பார்க்கலாம்" என்பது 1,9. "ஆபீஸ்ல கேட்டுக்கோ" என்று கைகழுவினால் 1,1. "இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுக் கிளம்பு" என்பது 5,5: பிள்ளைக்கும் பாதி, பலகைக்கும் பாதி.

9,9 இந்தப் பேரத்தில் சேராது. லீடர் லைனை இரண்டு நிமிடம் நிறுத்தி, "இவங்க கிளம்பணும், 400 பாக்கி. எப்படிச் செய்யலாம்?" என்று எல்லோரையும் கேட்கிறார். சோதனை தெரிந்த ஒருவர் பேக்கிங்கிலிருந்து மாறி வருகிறார். அம்மாவும் போகிறார், கணக்கும் முடிகிறது. இரண்டு அக்கறைகளும் தராசுத் தட்டுகள் அல்ல. ஒன்று ஏறினால் மற்றது இறங்கத் தேவையில்லை. கோடுகளைத் தனித்தனியாக வரைந்ததன் பொருள் அதுதான்.

இதைப் படித்ததும் நமக்கு நாமே 9,9 போட்டுக்கொள்வோம். பிளேக்கும் மௌட்டனும் தங்கள் பயிலரங்குகளில் கண்டதும் இதுவே. வரும்போது பெரும்பாலான மேலாளர்கள் தங்களை 9,9 என்றார்கள். கூட வேலை செய்தவர்களின் கருத்தைக் கேட்டு முடித்தபின் அப்படிச் சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நாம் நம் எண்ணத்துக்கு மதிப்பெண் போடுகிறோம். எதிரே நிற்பவர் நம் வாயிலிருந்து வந்த சொல்லுக்குப் போடுகிறார்.

நெருக்கடியில் ஆள் மாறுவதும் உண்டு. முதல் வழி பலிக்காதபோது தாவும் வழியைப் பிளேக்கும் மௌட்டனும் மாற்று நடை என்றார்கள். காலையில் 9,9ஆக இருப்பவர், லாரி வந்து நின்றதும் 9,1 ஆகலாம்.

இன்னொரு நடையைப் பின்னாளில் சேர்த்தார்கள். "நான் சொன்னபடி செய், உன்னை நான் பார்த்துக்கிறேன்" என்னும் தகப்பன் நடை. 9,1இன் கண்டிப்பும் 1,9இன் பரிவும் அதில் இருப்பதால் 9,9 போலத் தோன்றும். லைனில் நிற்பவர்களை யாராவது கேட்டார்களா என்பதில்தான் வித்தியாசம்.

ஆகவே சுயமதிப்பீட்டுத் தாளை நிரப்பும்போது "நான் எப்படிப்பட்டவன்?" என்று கேட்கவேண்டாம். கடைசியாகக் கணக்கு குறைந்த மூன்று நாட்களை நினைவுக்குக் கொண்டுவந்து, அன்று சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். எண்ணை லைனில் நின்றவர்கள் பெயரிடாமல் போடட்டும்.