குத்தாத ஸ்வெட்டர் எது?

கம்பளி ஸ்வெட்டர் கழுத்தில் குத்துவதற்குப் பெரும்பாலும் ஒவ்வாமை காரணமல்ல. சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலை அழுத்துகிறது. நரம்பு அதை அரிப்பாக உணர்கிறது. சராசரி மெல்லியதாக இருந்தாலும், இடையிடையே கலந்த சில தடித்த இழைகளே போதும்.

மெரினோ ஆட்டின் ரோமம் பொதுவாக 17 முதல் 22 மைக்ரான். உள்ளே பனியன் இல்லாமலும் அணியலாம். லேம்ப்ஸ்வுல் என்பது ஆட்டுக்குட்டியின் முதல் கத்தரிப்பு. அது எந்த இன ஆடு என்பதைப் பொறுத்தே மென்மை அமையும் என்பதால், சட்டைக்கு மேல் அணிவதே நல்லது.

காஷ்மீர் என்பது வெள்ளாட்டின் அடி ரோமம். அமெரிக்கச் சட்டப்படி அதன் சராசரி 19 மைக்ரானைத் தாண்டக்கூடாது. மெல்லிய இழைகளுக்கிடையே காற்று தேங்குவதால் குறைந்த எடையிலேயே நல்ல கதகதப்பு. ஆனால் உழைப்பில் அது பின்தங்கும்: உரசும் அக்குளில் குட்டை இழைகள் நழுவி வெளிவந்து உருண்டைகளாகத் திரளும். நீண்ட இழை மெரினோவை இறுக்கி முறுக்கிய நூலில் இது குறைவு.

வாங்கும்முன் பின்னலை உள்ளங்கையால் சிலமுறை தேய்த்துப் பாருங்கள்; உடனே பஞ்சு எழும்பினால், விலை எதுவானாலும் வேண்டாம். தினமும் அணிய மெரினோவே சரி.