get-க்கும் put-க்கும் நடுவே தொலையும் சொற்கள்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவல். 'புது வெள்ளம்' தொடங்கி 'தியாகச் சிகரம்' வரை 5 பாகங்கள். அதில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும், 5 பாகங்களும் 5 கோப்புகளாகக் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கணினிகளில் ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டலாம். அப்படி ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு வேலையையும் த்ரெட் என்கிறோம். பாகத்துக்கு ஒரு த்ரெட்டாக 5 த்ரெட்டுகளைக் கிளப்பிவிட்டால், ஒவ்வொன்றும் தன் பாகத்தைப் படித்துக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அட்டவணையில் எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

ஜாவாவில் இந்த வேலைக்கு எழுதும் நிரல் சின்னதுதான். ஆனால் முதலில் கைக்கு வருகிற வடிவத்தில் எழுதினால், ஒருமுறை ஓட்டினால் ஒரு விடை வரும், மறுமுறை ஓட்டினால் வேறு விடை வரும். பிழைச் செய்தி எதுவும் வராது, நிரலும் நடுவில் நிற்காது. எண்கள் மட்டும் குறைந்திருக்கும்.

முதலில் கைக்கு வருகிற வடிவம் இது:

```java
Integer n = counts.get(word);
if (n == null) counts.put(word, 1);
else counts.put(word, n + 1);
```

சொல் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் 1 என்று எழுதுகிறோம், இருந்தால் ஒன்றைக் கூட்டி எழுதுகிறோம். ஒரே ஒரு த்ரெட் ஓடும்வரை இதில் குற்றம் எதுவும் இல்லை.

இரண்டு த்ரெட்டுகள் ஓடும்போது என்ன ஆகிறது என்று மெதுவாகப் பார்ப்போம். அட்டவணையில் 'வந்தியத்தேவன்' என்ற சொல்லுக்கு எதிரே 40 இருக்கிறது. இரண்டாம் பாகத்தைப் படிக்கும் த்ரெட் அந்தச் சொல்லைச் சந்திக்கிறது. `get` செய்து 40 என்று தெரிந்துகொள்கிறது. அது `put` செய்வதற்கு முன், நான்காம் பாகத்தின் த்ரெட்டும் அதே சொல்லைச் சந்தித்து `get` செய்கிறது. அதற்கும் 40 என்றுதான் தெரிகிறது. முதலாவது 41 என்று எழுதுகிறது. இரண்டாவதும் 41 என்று எழுதுகிறது. நாவலில் அந்தப் பெயர் இருமுறை வந்தது, அட்டவணையில் ஒருமுறைதான் ஏறியது.

போனது ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு த்ரெட் 40 என்று படித்த கையோடு இயங்குதளம் அதை ஓரமாக நிறுத்திவைக்கலாம். எந்த த்ரெட்டை எப்போது ஓடவிடுவது, எப்போது நிறுத்துவது என்பது இயங்குதளத்தின் முடிவு, நம் கையில் இல்லை. அந்த இடைவெளியில் மற்ற நான்கும் சேர்ந்து எண்ணிக்கையை 90 வரை கொண்டுபோயிருக்கும். நின்றிருந்த த்ரெட் விழித்ததும், தன்னிடம் இருக்கும் பழைய 40-உடன் ஒன்றைக் கூட்டி 41 என்று எழுதிவிடும். 50 எண்ணிக்கைகள் ஒரே எழுத்தில் அழிந்துபோகும்.

இதைப் படிக்கும் நிரலாளர் ஒருவர், "நான்தான் `HashMap`-ஐ விட்டுவிட்டு `ConcurrentHashMap` போட்டிருக்கிறேனே!" என்று கேட்பார். நியாயமான கேள்வி. பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் கைவைக்கலாம் என்ற நோக்கத்தோடுதான் அந்த வகை ஜாவாவில் சேர்ந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்வீகோ வளாகத்தைச் சேர்ந்த டக் லீ தலைமையில் உருவான `java.util.concurrent` தொகுப்பின் பகுதியாக, 2004-இல் ஜாவா 5-உடன் அது வந்தது. சாதாரண `HashMap`-இல் இரண்டு த்ரெட்டுகள் ஒன்றாக எழுதினால் எண்ணிக்கை தவறுவதோடு நிற்காது, அதன் உள்கட்டமைப்பே குலையலாம். ஏறிய சொல்லே காணாமல் போகலாம். `ConcurrentHashMap`-இல் அது நடக்காது.

ஆனால் அது தரும் உத்தரவாதம் ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியானது. `get` ஒன்று, அது பத்திரமாக நடக்கும். `put` ஒன்று, அதுவும் பத்திரமாக நடக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அட்டவணைக்குத் தெரியவே தெரியாது. நாம் படித்ததும் எழுதுவதும் ஒரே காரியத்தின் இரு பாதிகள் என்று அதற்கு நாம் சொல்லவில்லை. மேலே பார்த்த தவறில் அட்டவணை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. இரண்டு முறை 41 எழுதச் சொன்னோம், எழுதியது.

இதே தவறு ஒற்றை வரியிலும் ஒளிந்துகொள்ளும். அதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது, ஏனென்றால் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும்:

```java
counts.put(word, counts.getOrDefault(word, 0) + 1);
```

ஒரே வரி, ஒரே அரைப்புள்ளி. ஓடும்போது மட்டும் முதலில் ஒரு படிப்பு, பிறகு ஒரு கூட்டல், அதன்பின் ஓர் எழுத்து. இடைவெளி அப்படியே இருக்கிறது.

சரியான வடிவம் இது:

```java
counts.merge(word, 1, Integer::sum);
```

2014-இல் வந்த ஜாவா 8 இந்த `merge`-ஐத் தந்தது. இந்த வரி அட்டவணையிடம் சொல்வது இவ்வளவுதான்: இந்தச் சொல் உன்னிடம் இல்லையென்றால் 1 என்று எழுது. இருந்தால், இருக்கும் எண்ணையும் இந்த 1-ஐயும் கூட்டி, வருவதை எழுது. இப்போது படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றும் அட்டவணையின் பொறுப்பில் போய்விட்டன. `ConcurrentHashMap` இந்த மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே காரியமாகச் செய்து முடிக்கிறது.

எப்படிச் செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அட்டவணைக்குள் வரிசையாகப் பெட்டிகள் இருக்கின்றன. தொடக்கத்தில் 16 பெட்டிகள், சொற்கள் சேரச் சேர அது பெருகும். ஒவ்வொரு சொல்லும் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்பதை அதன் ஹாஷ் எண் தீர்மானிக்கிறது. பெட்டி காலியாக இருந்தால் பூட்டே தேவையில்லை. 'இந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் மட்டும் இதை வை' என்று ஒரே கட்டளையில் செய்ய இன்றைய செயலிகளால் முடியும். இரண்டு த்ரெட்டுகள் ஒன்றாக முயன்றால் ஒன்றுதான் வெல்லும், மற்றது திரும்ப முயலும். பெட்டியில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால், அந்தப் பெட்டியை மட்டும் பூட்டிவிட்டு, உள்ளே பழைய எண்ணைப் பார்த்து, கூட்டி எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்கிறது. அதே பெட்டிக்கு வரும் இன்னொரு த்ரெட் அந்தக் கணம் மட்டும் காத்திருக்கும். 'நந்தினி'யும் 'குந்தவை'யும் வேறு வேறு பெட்டிகளில் விழுந்தால் அவற்றை எண்ணும் த்ரெட்டுகள் ஒன்றுக்கொன்று இடைஞ்சலே இல்லை. முழு அட்டவணைக்கும் ஒரே பூட்டுப் போட்டாலும் விடை சரியாகத்தான் வரும். ஆனால் 5 த்ரெட்டுகளும் ஒரே வாசலில் வரிசையில் நிற்கும்.

இனி, கையில் இருக்கும் நிரல் தவறா சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடையை வெறுமனே பார்த்தால் தெரியாது. ஒரு நாவலில் ஆயிரக்கணக்கான சொற்கள் ஓரிரு முறைதான் வருகின்றன. இரண்டு த்ரெட்டுகள் அவற்றில் மோதிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு, அதனால் அந்த எண்களெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடிபடுவது 'ஒரு' போல அடிக்கடி வரும் சொற்கள். அவற்றின் எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் சரிபார்ப்பதில்லை.

சிறு கோப்புகளை வைத்துச் சோதித்தாலும் ஏமாற்றமே. முதல் த்ரெட் தன் வேலையை முடித்த பிறகுதான் இரண்டாவது கிளம்பவே செய்யும், மோதலுக்கு இடம் இருக்காது, சோதனையும் வெற்றி என்று வரும். ஆகவே மோதலை நாமே வரவழைக்க வேண்டும். 4 த்ரெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரே சொல்லை 1,00,000 முறை ஏற்றட்டும். `merge` இருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் 4,00,000 வரும். `get`-உம் `put`-உமாக எழுதியிருந்தால் அதைவிடக் குறைவாகவும், பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஓட்டம் வேறாகவும் வரும்.

உண்மையான கோப்புகளில் என்றால், ஒவ்வொரு த்ரெட்டும் தான் படித்த மொத்தச் சொற்களைத் தனக்கென ஒரு மாறியில் எண்ணிக்கொள்ளட்டும். கடைசியில் அந்த 5 எண்களின் கூட்டுத்தொகையும், அட்டவணையில் உள்ள எல்லா எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தத் தவறால் அட்டவணையின் தொகை குறையலாமே தவிர ஒருபோதும் கூடாது. கூடியிருந்தால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது, ஒரே கோப்பை இரண்டு த்ரெட்டுகளுக்குக் கொடுத்ததுபோல.

தமிழ் உரையை எண்ணுவோருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில உதாரணங்களில் சொற்களைப் பிரிக்க `split("\\W+")` என்று எழுதியிருப்பார்கள். ஜாவாவில் அது இயல்பாக ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்ளும். தமிழ் வரி மொத்தத்தையும் இடைவெளி என்று நினைத்து விழுங்கிவிடும். `\\s+` என்று வெற்றிடத்தை வைத்துப் பிரித்து, நிறுத்தற்குறிகளைத் தனியாக நீக்குவது நல்லது.

`merge`-க்கும் சில எல்லைகள் உண்டு. இந்தப் பாதுகாப்பு `merge` என்ற பெயரில் இல்லை, அதைச் செய்யும் அட்டவணையில் இருக்கிறது. சாதாரண `HashMap`-இலும் `merge` இருக்கிறது. பல த்ரெட்டுகள் அதைப் பயன்படுத்தினால் பழைய ஆபத்து அப்படியே திரும்பிவிடும். மூன்றாவதாகக் கொடுக்கும் கூட்டும் செயல் பெட்டி பூட்டியிருக்கும்போது நடக்கிறது. எனவே அது சுருக்கமாக இருக்க வேண்டும். அதற்குள் கோப்பைத் திறப்பதோ, அதே அட்டவணையின் இன்னொரு சொல்லை மாற்றுவதோ கூடாது. அந்தச் செயல் `null` திருப்பினால் சொல்லே அட்டவணையிலிருந்து நீக்கப்படும்.

எண்ணியதும் அந்த எண்ணை வைத்து ஏதாவது செய்ய வேண்டுமானால், மறுபடி `get` செய்து பார்க்கக் கூடாது. அதற்குள் வேறு த்ரெட் எண்ணை மாற்றியிருக்கும். `merge` தானே புதிய எண்ணைத் திருப்பித் தருகிறது. ஒரு சொல் முதன்முறையாக வரும்போது மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றால்:

```java
if (counts.merge(word, 1, Integer::sum) == 1)
    newWords.add(word);
```

5 த்ரெட்டுகள் ஒரே கணத்தில் அந்தச் சொல்லைக் கண்டாலும், 1 என்ற விடை அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே கிடைக்கும். `newWords` என்பதும் பல த்ரெட்டுகளுக்கு ஏற்ற வகையாக, உதாரணமாக `ConcurrentLinkedQueue`-ஆக, இருக்க வேண்டும்.

கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பதும் பட்டியலை அச்சிடுவதும் எல்லா த்ரெட்டுகளும் முடிந்த பிறகுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டவணையைச் சுற்றிப் பார்த்தால் ஜாவா தடுக்காது. ஆனால் ஒரு சொல்லின் எண் சற்று முந்தையதாகவும் இன்னொன்றின் எண் இப்போதையதாகவும் கலந்து வரும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் `join()` அழைத்து, ஐந்தும் முடிந்ததும் படித்தால், அட்டவணையில் இருப்பது 5 பாகங்களின் முழுக் கணக்கு.