லாரியில் வந்த சரக்கு உடைந்தாலோ, குறைந்தாலோ இன்சூரன்ஸ் புரோக்கருக்கு என்ன எழுத வேண்டும்? கூடவே என்னென்ன ஆவணங்கள்?

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலைக் கடைகளுக்கு லோடு மேல லோடு வந்து இறங்கும். பித்தளை விளக்கு, அகல், கற்பூரம், திரி, பாத்திரம் என எல்லாமே வெளியூர் சரக்கு. இரவில் வரும் லாரியில் 80 பெட்டிக்குப் பதில் 68 பெட்டிதான் இருக்கிறது, அதிலும் 20 பெட்டி நசுங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ் இருக்கிறது, புரோக்கருக்கு ஒரு போன் போட்டால் போதும் என்றுதான் பல வியாபாரிகள் நினைக்கிறார்கள். ஆனால் க்ளெய்ம் பெரும்பாலும் கெட்டுப்போவது புரோக்கரிடம் போவதற்கு முன்பே, லாரி வாசலில் நிற்கும் அந்த 10 நிமிடத்தில்தான்.

"அண்ணே, ஒரு கையெழுத்து போடுங்க, வண்டி கெளம்பணும்" என்று டிரைவர் சீட்டை நீட்டுவார். அதில் வெறும் கையெழுத்து மட்டும் போட்டால், சரக்கு முழுசா, நல்ல நிலையில் வந்து சேர்ந்தது என்று வியாபாரியே எழுதிக் கொடுத்த மாதிரி. பிறகு எத்தனை போட்டோ காட்டினாலும், 'உங்க குடோனுக்கு வந்த பிறகு உடைஞ்சிருக்கலாமே' என்ற கேள்வி வரும். அதனால் கையெழுத்துக்கு மேலேயே '68 பெட்டி மட்டும் பெறப்பட்டது, 12 பெட்டி குறைவு, 20 பெட்டி வெளிப்புறம் நசுங்கிய நிலையில்' என்று எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் மறுத்தால், மறுத்தார் என்பதையும் அதே சீட்டில் குறித்துவிடலாம். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்த பிறகுதான் வண்டியை விட வேண்டும்.

புரோக்கர் யார், கம்பெனி யார்?

இன்சூரன்ஸ் ஏஜென்ட் கம்பெனிக்காக வேலை செய்பவர். புரோக்கர் அப்படியல்ல, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் பெற்று, பாலிசி எடுப்பவரின் சார்பில் செயல்படுபவர். க்ளெய்மில் உதவுவதும் அவர் பணியில் அடக்கம். ஆனால் பணம் தருவது அவரல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி. எனவே கடிதம் புரோக்கருக்குப் போனாலும் அதன் நகல் அதே நாளில் கம்பெனிக்கும் போக வேண்டும். 'புரோக்கரிடம் சொன்னோம், அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்' என்ற பிரச்சினை அப்போது வராது. போனில் சொல்வது கணக்கில் வராது. இ-மெயிலில் போனால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும்.

முதலில் பாலிசியில் எந்த வகைக் காப்பு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போக்குவரத்துப் பாலிசிகளில் 'ஏ' வகை, விலக்கப்பட்டவை தவிர மற்ற எல்லா ஆபத்துகளுக்கும் பொருந்தும். 'பி' வகையில் தீ, இடி மின்னல், வண்டி மோதுவது, கவிழ்வது, பாலம் உடைவது போன்ற பட்டியலில் உள்ளவை மட்டும்தான். 12 பெட்டி வழியில் காணாமல் போனாலோ, மழையில் நனைந்தாலோ 'பி' வகையில் பணம் கிடைப்பது சந்தேகமே. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை திருவண்ணாமலையை எப்படிப் புரட்டிப் போட்டது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி நனைந்த திரிக்கட்டுக்கு 'ஏ' வகைதான் கைகொடுக்கும்.

காப்பு எந்த நாள் வரை ஓடும் என்பதும் முக்கியம். சரக்கு குடோனில் இறங்கினால் முடிந்துவிடும். இறங்காவிட்டாலும், லாரி ஊருக்கு வந்து சேர்ந்து 7 நாட்கள் ஆனால் முடிந்துவிடும் என்பதே வழக்கமான விதி. தீபத் திருவிழா நாட்களில் வாகனங்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 'கூட்டம் குறையட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்' என்று லாரி ஆபீஸிலேயே சரக்கை விட்டுவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடிதம் எப்படி இருக்கும்?

கும்பகோணத்தில் இருந்து 2025 நவம்பர் 10-ம் தேதி புக் செய்த 80 பெட்டி பித்தளை விளக்கு, 12-ம் தேதி திருவண்ணாமலை வந்ததாக ஓர் உதாரணம். பெட்டிக்கு ரூ.4,000 வீதம் மொத்த மதிப்பு ரூ.3,20,000. லாரி வாடகை ரூ.8,000. கடிதம் இப்படி அமையலாம்:

பெறுநர்: (புரோக்கர் நிறுவனத்தின் பெயர், க்ளெய்ம் பிரிவு)
நகல்: (இன்சூரன்ஸ் கம்பெனி, கிளை அலுவலகம்)
தேதி: 12.11.2025

பொருள்: போக்குவரத்தில் சரக்கு குறைவு மற்றும் சேதம் – பாலிசி எண் ______ – சர்வேயர் அனுப்பக் கோருதல்

ஐயா,

மேற்படி பாலிசியின் கீழ், கும்பகோணத்தில் இருந்து எங்களுக்கு அனுப்பப்பட்ட 80 பெட்டி பித்தளை விளக்குகள் (இன்வாய்ஸ் எண் ______, எல்.ஆர். எண் ______, நாள் 10.11.2025) லாரி எண் ______ மூலம் இன்று காலை 6 மணிக்கு எங்கள் குடோனுக்கு வந்தன. 68 பெட்டிகள் மட்டுமே இறக்கப்பட்டன; 12 பெட்டிகள் குறைவு. வந்தவற்றில் 20 பெட்டிகள் நசுங்கி, உள்ளே விளக்குகள் வளைந்தும் உடைந்தும் உள்ளன. இதை டெலிவரி சீட்டிலேயே குறித்து, டிரைவர் கையெழுத்து பெற்றுள்ளோம்.

உத்தேச இழப்பு: குறைந்த பெட்டிகளுக்கு ரூ.48,000. சேதமான பெட்டிகளின் இன்வாய்ஸ் மதிப்பு ரூ.80,000, உண்மையான இழப்பு சர்வேயர் மதிப்பீட்டுக்கு உட்பட்டது.

சேதமான பெட்டிகள் பிரிக்கப்பட்டு, பேக்கிங்குடன் அப்படியே எங்கள் குடோனில் வைக்கப்பட்டுள்ளன. லாரி நிறுவனத்திடம் இழப்பீடு கோரி இன்றே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியுள்ளோம். உடனடியாக சர்வேயரை நியமித்து, க்ளெய்ம் எண்ணைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பு:
1. பாலிசி நகல், இந்த லோடுக்கான டிக்ளரேஷன்
2. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்
3. எல்.ஆர். நகல், இ-வே பில்
4. குறிப்பு எழுதிய டெலிவரி சீட்டு
5. லாரி நிறுவனத்துக்கு அனுப்பிய நோட்டீஸ், தபால் ரசீது
6. போட்டோக்கள்

பிறகு அனுப்பப்படும்: லாரி நிறுவனத்தின் சேத/குறைவு சான்று, க்ளெய்ம் பில்

இப்படிக்கு,
(பெயர், கடை முத்திரை, தொடர்பு எண்)

கையில் இல்லாத ஆவணத்துக்காகக் கடிதத்தை நிறுத்தி வைக்க வேண்டாம். 'பிறகு அனுப்பப்படும்' என்ற அந்த ஒரு வரி அதற்காகத்தான். திருட்டு என்றாலோ, வண்டி விபத்து என்றாலோ எஃப்.ஐ.ஆர். நகலும் சேரும்.

ஆவணங்களில் எங்கே சிக்கல் வரும்?

நிறைய லோடு வாங்குபவர்கள் வருடம் முழுக்க ஒரே ஓப்பன் பாலிசி வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு லோடையும் டிக்ளேர் செய்ய வேண்டும். சேதமான பிறகு அந்த ஒரு லோடை மட்டும் டிக்ளேர் செய்தால் கம்பெனி சும்மா விடாது.

அடுத்தது வண்டி எண். வழியில் சரக்கை வேறு லாரிக்கு மாற்றியிருப்பார்கள், எல்.ஆரில் ஒரு எண், இ-வே பில்லில் இன்னொரு எண், வாசலில் நிற்பது மூன்றாவது வண்டி! இந்த மூன்றும் பொருந்தாவிட்டால் சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். எங்கே, எப்போது மாற்றினார்கள் என்று லாரி நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

பேக்கிங்கும் அப்படித்தான். 'போதிய பேக்கிங் இல்லை' என்பது எல்லா வகைப் பாலிசியிலும் விலக்கு. நசுங்கிய அட்டைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டால், பேக்கிங் நன்றாகத்தான் இருந்தது என்று காட்ட வியாபாரியிடம் எதுவும் இருக்காது. சர்வேயர் வந்து பார்க்கும் வரை எதையும் விற்கவோ, பழைய பித்தளைக்குப் போடவோ கூடாது.

ஜி.எஸ்.டி.யும் இடிக்கும். தொலைந்த, அழிந்த சரக்குக்கு உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்க முடியாது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். அந்த வரித் தொகையும் காப்பில் சேருமா என்பதைக் க்ளெய்ம் பில் போடும் முன்பே புரோக்கரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

லாரி நிறுவனத்துக்கு ஏன் தனி நோட்டீஸ்?

'இன்சூரன்ஸ்தான் இருக்கே, லாரிக்காரரோட எதுக்கு சண்டை?' என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். ஆனால் பணம் கொடுத்த பிறகு, வியாபாரியின் இடத்தில் நின்று லாரி நிறுவனத்திடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. அந்த உரிமையை வியாபாரி கெடுத்துவிட்டால், கம்பெனி க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அது ஒரு காரணமாகிவிடும்.

இது தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் வரை போனது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ், சுமார் ரூ.7.70 லட்சம் மதிப்புள்ள பனியன் நூலை கொல்கத்தாவுக்கு அனுப்பியது. வண்டி விபத்தில் சிக்கி நூல் சேதமானது. சர்வேயர் மதிப்பீட்டின்படி நேஷனல் இன்சூரன்ஸ் பணம் கொடுத்தது. பிறகு மில்லும் கம்பெனியும் சேர்ந்து லாரி நிறுவனத்தின் மீது நுகர்வோர் மன்றத்துக்குப் போயின. 'பணம்தான் வாங்கியாச்சே, இனி என்ன வழக்கு?' என்பது லாரி நிறுவனத்தின் வாதம். 2010 பிப்ரவரி 17-ம் தேதி 5 நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. லாரி நிறுவனத்தின் கவனக்குறைவை சரக்குக்காரர் நிரூபிக்கத் தேவையில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. இப்போது அமலில் உள்ள 2007-ம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. சரக்கு புக் செய்த நாளில் இருந்து 180 நாட்களுக்குள் லாரி நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போகாவிட்டால் வழக்குப் போட முடியாது. சேதம் தெரிந்த நாளில் இருந்து அல்ல, புக் செய்த நாளில் இருந்து. நம் உதாரணத்தில் 2026 மே 9-தான் கடைசி நாள். ரயிலில் வந்த சரக்கு என்றால் ரயில்வேக்கு 6 மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும்.

கையில் எவ்வளவு வரும்?

சேதமான 20 பெட்டியும் பழைய பித்தளையாக ரூ.40,000 போகும் என்று சர்வேயர் சொன்னால், அந்த இழப்பு ரூ.40,000 ஆகிறது. தொலைந்த 12 பெட்டிக்கு ரூ.48,000. மொத்தம் ரூ.88,000. பாலிசியில் லோடு மதிப்பில் 1 சதவீதம் வியாபாரியே ஏற்க வேண்டும் என்று இருந்தால், ரூ.3,200 கழித்து ரூ.84,800 கிடைக்கும்.

இன்சூரன்ஸே இல்லாமல் லாரி நிறுவனத்திடம் மட்டும் கேட்டிருந்தால்? அதிக ரிஸ்க் கட்டணம் கட்டி புக் செய்யாத சரக்குக்கு, வாடகையைப் போல 10 மடங்கு வரைதான் பொதுவாக அவர்கள் பொறுப்பு. இங்கே அது ரூ.80,000. மொத்த லோடும் போயிருந்தாலும், ரூ.3,20,000 சரக்குக்கு அதே ரூ.80,000 தான்.