பாட்டாக வந்த பதில் கடிதம்

மலையாளத்தில் ‘கத்து’ என்றால் கடிதம். கேரளத்து மாப்பிள்ளைப் பாட்டுகளில் ‘கத்துப் பாட்டு’ என்று ஒரு வகையே உண்டு. பிரிந்திருப்பவர்களின் கடிதம் அப்படியே பாட்டாக வரும். 1970களில் நிலம்பூர்க்காரரான எஸ்.ஏ. ஜமீல் எழுதிப் பாடிய ‘துபாய் கத்துப் பாட்டு’ அந்த வகையில் பெரும்புகழ் பெற்றது.

முதலில் வந்தது மனைவியின் கடிதம். சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்த கணவன் வீட்டில் தங்கியது எட்டோ பத்தோ நாள்தான். அப்போது உண்டான பிள்ளைக்கு இன்று மூன்று வயது. வாப்பா எங்கே என்று தினமும் கேட்கிறான். இதையெல்லாம் அவள் ஒளிக்காமல் எழுதிவிடுகிறாள். அதற்குக் கணவனின் மறுமொழியாக ஜமீல் இன்னொரு பாட்டும் எழுதினார். அபுதாபியில் தபால் பெட்டியைத் திறந்ததும் அவள் கடிதம் கிடைத்ததைச் சொல்லித் தொடங்கி, அவள் மனம் உடைந்ததில் தானும் உடைந்துபோனதைச் சொல்கிறான் அந்தக் கணவன்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளுக்கு வந்த வளைகுடாக் கடிதங்களை நினைத்துப் பாருங்கள். எழுதத் தெரியாதவருக்கு அறை நண்பர் எழுதிக் கொடுப்பார். இங்கே பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து, மாமியார் முன்னால் சத்தமாகப் படிப்பான். ‘நலம், நலமறிய ஆவல்’ முடிந்ததும் டிராஃப்ட் கணக்கு, தங்கை கல்யாணம், வீட்டுக்கூரை. மனைவிக்கென்று கடைசியில் ஒரு வரி: உடம்பைப் பார்த்துக்கொள். பத்துப் பேர் கேட்கும் கடிதத்தில் வேறு எதை எழுத முடியும்?

ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு வருடம். அது முடிந்தால் ஒன்றிரண்டு மாத லீவு. இரண்டு மாதம் என்றே வைத்துக்கொண்டாலும், 20 வருடத்தில் சேர்ந்து வாழ்ந்தது 20 மாதம். இதற்கிடையில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, யாரிடம் கடன் வாங்குவது என்று எல்லாவற்றையும் அவளே முடிவு செய்து பழகிவிடுகிறாள். லீவில் வருபவர் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்கிறார். பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறது. அவருடைய வீட்டிலேயே அவர் விருந்தாளி.

இப்போது கடிதம் இல்லை. கைப்பேசியில் தினமும் முகம் பார்க்கலாம். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் தூங்கமாட்டார் என்று இவள் சொல்வதில்லை. இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பதை அவரும் சொல்வதில்லை. ‘சாப்பிட்டியா?’ ‘சாப்பிட்டேன், நீங்க?’ என்பதோடு பேச்சு முடிகிறது. இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். மறைத்தவை சேரச் சேர, பேசுவதற்கு விஷயம் இல்லாமல் போகிறது.

பாட்டில் வந்த மனைவி மறைக்கவில்லை. அதனால்தான் அவள் கணவனுக்குப் பதில் எழுத ஏதோ இருந்தது.