தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

சிவகாசி அச்சகம் ஒன்று வாடகைக் கொள்முதலில் இயந்திரம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ரொக்க விலை ரூ.3,10,000. முன்பணம் ரூ.1,00,000. பிறகு ஆண்டு முடிவில் ரூ.1,21,000 வீதம் இரண்டு தவணைகள். வட்டி 10 சதவீதம்.

மொத்தம் கட்டுவது ரூ.3,42,000. ஆனால் வாங்குபவர் ஏட்டில் இயந்திரத்தின் மதிப்பு ரூ.3,10,000தான், தேய்மானமும் அதன் மேல்தான். மிச்சம் ரூ.32,000 வட்டிச் செலவு.

அதை ஆண்டுக்கு ரூ.16,000 எனப் பாதியாகப் பிரிப்பவர்கள் உண்டு. அது தவறு. முன்பணம் அன்றே கட்டியதால் அதில் வட்டி இல்லை. பாக்கி ரூ.2,10,000க்கு முதலாண்டு வட்டி ரூ.21,000, தவணையில் மீதி ரூ.1,00,000 அசலில் கழியும். இப்போது பாக்கி ரூ.1,10,000. அதற்கு வட்டி ரூ.11,000 மட்டுமே. இரண்டாம் தவணையில் அதுபோக ரூ.1,10,000 அசலுக்குப் போக, விற்றவர் கணக்கு பூஜ்யமாகும். பூஜ்யம் வரவில்லையென்றால், வட்டியை எங்கோ தப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.